பபிளில் ஒரு சிப் என்ன விலை? போக்கர் டூர்னமென்ட் பரிசுப் பங்கீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஷ் கேமிலும் சிப்தான், டூர்னமென்ட்டிலும் சிப்தான். என்ன பெரிய வித்தியாசம்?

கேஷ் கேமில் 100 டாலர் சிப்பை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், கவுண்டரில் 100 டாலர் தருவார்கள். டூர்னமென்ட்டில் அந்தக் கவுண்டரே கிடையாது. சிப்பில் 1,000 என்று எழுதியிருப்பது எண்ணிக்கைக்காக மட்டும். பணம் தருவது சிப் அல்ல, நீங்கள் எத்தனையாவது ஆளாக வெளியேறுகிறீர்கள் என்பது.

சிப்பெல்லாம் ஒருவர் கையில் சேர்ந்த பிறகும் மொத்தப் பரிசும் அவருக்குப் போவதில்லை. பத்துப் பேர் ஆடும் ஒரு மேசைப் போட்டியில் முதல் பரிசு பாதிதான். மீதிப் பாதி, கையில் ஒரு சிப்கூட இல்லாமல் எழுந்துபோன இருவருக்கு. நூறு சதவீத சிப்புக்கு ஐம்பது சதவீதப் பணம்தான் என்றால், வழியில் எங்கோ சிப் தன் மதிப்பை இழந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அது எங்கே, எவ்வளவு என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

வென்றவருக்கே முழுப் பணமும் என்ற போட்டியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சிப்பில் பாதி வைத்திருந்தால் பணத்திலும் பாதி உங்களுடையது என்று கணக்குப் போடலாம்.

பரிசுப் பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். 100+9 என்று போட்டிருந்தால் 100 டாலர் பரிசுத் தொகைக்கு, 9 டாலர் நடத்துபவருக்கு. உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டில் 10,000 டாலர் கட்டுகிறீர்கள், 2024ல் அதில் 9,300 டாலர்தான் பரிசுத் தொகைக்குப் போனது.

ஒரு மேசைப் போட்டிகளில் பழைய வழக்கம் 50-30-20: பத்துப் பேரில் மூவருக்குப் பணம். பல மேசைப் போட்டிகளில் பொதுவாக ஆட்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குப் பணம் கிடைக்கும். கீழே உள்ள பெரும்பாலோருக்குக் கட்டணத்தைவிடச் சற்று அதிகம், மேலே போகப்போகத் தொகை செங்குத்தாக ஏறும். பணம் பெறும் ஆட்களை அதிகப்படுத்தினால் முதல் பரிசு குறையும். 2003 மெயின் ஈவென்ட்டில் 839 பேர் ஆடினார்கள், 63 பேருக்குத்தான் பணம், முதல் பரிசு 25 லட்சம் டாலர். 2024ல் 10,112 பேர், 1,517 பேருக்குப் பணம், முதல் பரிசு ஒரு கோடி டாலர். ஆள் பன்னிரண்டு மடங்கு கூடியும் முதல் பரிசு நான்கு மடங்குதான் ஆனது. மிச்சம் கீழே பரவிவிட்டது.

பபிள் என்று சரியாக எதைச் சொல்கிறார்கள்?

இன்னும் ஒருவர் வெளியேறினால் மீதி எல்லோருக்கும் பணம் என்ற நிலை. மூவருக்குப் பரிசு என்றால் நால்வர் மிஞ்சியிருக்கும்போது. மொத்தப் பரிசு 1,000 டாலர் என்றால் அந்த நான்காவது ஆளுக்குப் பூஜ்யம், மூன்றாவது ஆளுக்கு 200 டாலர். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையே அவ்வளவு பெரிய பள்ளம் இருப்பதால்தான் கணக்கு தலைகீழாகிறது.

சிப்பை இரட்டிப்பாக்கினால் என் பங்கும் இரட்டிப்பாகாதா?

ஆகாது. பத்துப் பேர், ஆளுக்கு 100 டாலர், மொத்தம் 1,000 டாலர். பரிசுகள் 500, 300, 200. ஆளுக்கு 1,000 சிப், ஆக மேசையில் மொத்தம் 10,000. இப்போது நால்வர் மிச்சம், நால்வரிடமும் சரியாக 2,500. எல்லோரும் சமம் என்பதால் ஒவ்வொருவரின் பங்கும் இந்த நொடியில் 250 டாலர். இதில் சர்ச்சைக்கு இடமில்லை.

நீங்களும் இன்னொருவரும் ஆல்-இன், அதாவது கையிலுள்ள சிப் முழுவதும் பந்தயத்தில். நீங்கள் வென்றால் உங்களிடம் 5,000, மற்ற இருவரிடம் தலா 2,500, எதிராளி வெளியே. உங்கள் பங்கு இப்போது 500 டாலர் ஆகவில்லை. 383 டாலர்தான் ஆகிறது.

தோற்றவர் 250 டாலரை முழுதாக இழந்தார். வென்ற உங்களுக்கு வந்தது 133. மீதி 117 டாலர் எங்கே போனது? கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் ஆளுக்கு 58 டாலர் போய்ச் சேர்ந்தது. ஒரு சீட்டைக்கூடப் பார்க்காமல் அவர்களின் பங்கு 250லிருந்து 308 ஆகிவிட்டது.

250 டாலரைப் பணயம் வைத்து 133 டாலர் சம்பாதிக்கும் பந்தயம் இது. நட்டப்படாமல் இருக்க 250 ÷ 383, அதாவது நூற்றுக்கு 65 தடவை நீங்கள் வெல்ல வேண்டும். சிப் கணக்கில் 50 போதும்.

அந்த 383 எப்படி வந்தது? யாரோ சும்மா எழுதியதா?

இதற்குப் பயன்படும் கணக்குக்கு இன்டிபென்டன்ட் சிப் மாடல், சுருக்கமாக ஐசிஎம் என்று பெயர். குதிரைப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையின் வெற்றி வாய்ப்பு தெரிந்தால் இரண்டாம், மூன்றாம் இட வாய்ப்புகளை எப்படிக் கணிப்பது என்று டேவிட் ஹார்வில் 1973ல் ஒரு முறை வெளியிட்டார். அதையே 1980களில் மேசன் மால்முத் போக்கர் சிப்புக்குப் பொருத்தினார். இன்றுவரை மாறாத அடிப்படை அதுதான்.

மேலே உள்ள உதாரணத்தையே எடுப்போம். உங்களிடம் 5,000, மற்ற இருவரிடம் 2,500, 2,500.

முதலிடம் வரும் வாய்ப்பு உங்கள் சிப் பங்குக்குச் சமம்: 5,000 ÷ 10,000 = 50%.

இரண்டாமிடத்துக்கு, வேறொருவர் முதலிடம் பிடித்துவிட்டதாக வைத்து அவருடைய சிப்பை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் முதலிடம் வர 25%. மிச்சமுள்ள 7,500 சிப்பில் உங்களுடையது 5,000, அதாவது மூன்றில் இரண்டு. 25% × 2/3 = 16.67%. இப்படி எதிராளிகள் இருவர் இருப்பதால் மொத்தம் 33.33%.

மூன்றாமிடம்: மீதி 16.67%.

பணமாக்கினால் 250 + 100 + 33.33 = 383.33. நான்கு பேர் இருந்தால் இதே வேலையை இன்னும் ஒரு படி ஆழமாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஏழு, எட்டுப் பேர் என்றால் கையால் செய்ய யாரும் முயல்வதில்லை.

சரி, இதைக் கணினியில் போட்டுப் பார்க்க எளிய வழி உண்டா?

பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
def icm(s, p):
    e = [0.0] * len(s)
    def go(left, k, pr):
        if k == len(p) or not left:
            return
        t = sum(s[i] for i in left)
        for i in left:
            q = pr * s[i] / t
            e[i] += q * p[k]
            go([j for j in left if j != i], k + 1, q)
    go(list(range(len(s))), 0, 1.0)
    return e

print(icm([5000, 2500, 2000, 500], [500, 300, 200]))
```

முதல் பட்டியல் சிப், இரண்டாவது பரிசுகள். விடைகளைக் கூட்டினால் பரிசுத் தொகை 1,000 வர வேண்டும். வராவிட்டால் தட்டச்சில் எங்கோ தவறு. மேசைக்கு ஒன்பது பேர் வரை தாராளமாக ஓடும், பெரிய போட்டியின் நூற்றுக்கணக்கான ஆட்களைப் போட்டால் முடியவே முடியாது.

பிளைண்ட் ஏற்கெனவே போட்டிருக்கிறேன். எதிராளி ஆல்-இன் போகிறார். எந்தக் கையோடு கால் செய்யலாம்?

அதே நால்வர், அதே 2,500. பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய சிப், 100/200. மற்ற இருவரும் சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறார்கள், அதாவது ஃபோல்டு, ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் 2,500ஐயும் தள்ளுகிறார். நீங்கள் பிக் பிளைண்ட், அவர் வைத்த அளவுக்கு நீங்களும் சிப் வைத்தால் அது கால்.

ஃபோல்டு செய்தால் உங்களிடம் 2,300, அவரிடம் 2,700. ஐசிஎம் கணக்கில் உங்கள் 2,300 சிப்பின் மதிப்பு 237 டாலர். கால் செய்து வென்றால் 383. தோற்றால் பூஜ்யம். 237 ÷ 383 = 62%. வெறும் சிப்பை எண்ணினால் 2,300 ÷ 5,000 = 46% போதும் என்று வரும்.

இந்த 46க்கும் 62க்கும் இடையே விழும் கைகள் எல்லாம் பபிளில் பணத்தைக் கரைப்பவை. எதிராளி எந்த இரண்டு சீட்டு வந்தாலும் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குயின்-ஏழுக்கு அவருக்கு எதிராக ஏறத்தாழ 52% வாய்ப்பு உண்டு, சிப் கணக்குப்படி தைரியமாகக் கால் செய்யலாம். பணக் கணக்குப்படி கண்டிப்பாக ஃபோல்டு. ஐந்து ஜோடிக்கு 60%, அதுவும் ஃபோல்டு. ஆறு ஜோடிக்கு 63%, கால். சின்னம் பொருந்தாத ஏஸ்-ஒன்பது ஃபோல்டு, ஏஸ்-பத்து மயிரிழையில் கால்.

அவர் எதைக் கொண்டும் தள்ளுகிறார் என்பது மிகத் தாராளமான ஊகம் என்பதை மறக்க வேண்டாம். உண்மையில் பலர் நல்ல கையோடுதான் தள்ளுவார்கள். அப்போது இந்தப் பட்டியல் இன்னும் சுருங்கும்.

ஏஸ்-கிங் கூடவா ஃபோல்டு? அது ரொம்பக் கோழைத்தனம் இல்லையா?

எதிராளி எதையும் தள்ளுகிறார் என்றால் ஏஸ்-கிங் 65% வெல்லும், கால் செய்யுங்கள். ஆனால் அவர் இதுவரை ஜோடியைத் தவிர எதையும் தள்ளாதவர் என்றால் நிலைமை வேறு. ஏழு ஜோடிக்கு எதிரே ஏஸ்-கிங்கின் வாய்ப்பு 45% அளவுதான். கேஷ் கேமில் மேசை நடுவே பாட் ஆக ஏற்கெனவே கிடக்கும் பணத்தைச் சேர்த்தால் அது ஏறக்குறைய சமன். இங்கே உங்களுக்கு 62 வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு: தள்ளுவதற்கான கையையும் கால் செய்வதற்கான கையையும் ஒன்றாக நினைப்பது. நீங்கள் முதலில் தள்ளினால் எதிராளி ஃபோல்டு செய்துவிடலாம், சீட்டைக் காட்டாமலே பிளைண்ட் உங்களுடையது. அவருக்கும் அதே 62% தேவை என்பதால் அவர் பெரும்பாலும் ஃபோல்டுதான் செய்வார். கால் செய்பவருக்கு அந்த வசதி இல்லை, சீட்டு திறந்தே ஆக வேண்டும். ஆகவே பபிளில் குப்பைக் கையோடு தள்ளுவதும், அடுத்த சுற்றில் அதைவிட நல்ல கையை ஃபோல்டு செய்வதும் ஒரே ஆளின் சரியான ஆட்டமாக இருக்க முடியும்.

எல்லோரிடமும் சமமாக இருப்பது அபூர்வம். ஒருவரிடம் பெரிய குவியல் இருந்தால்?

சுவாரசியமே அங்கேதான். அதே 1,000 டாலர் பரிசு, நால்வர் மிச்சம், சிப் இப்படி. வலது ஓரத்தில் இருப்பது ஐசிஎம் மதிப்பு:

முதல்வர்: 5,000 சிப், 376 டாலர்
இரண்டாமவர்: 2,500 சிப், 287 டாலர்
மூன்றாமவர்: 2,000 சிப், 258 டாலர்
கடைசியானவர்: 500 சிப், 79 டாலர்

சிப்பின் முகமதிப்பை நம்பினால் 500, 250, 200, 50 என்று இருந்திருக்கும். பெரிய குவியலிலிருந்து 124 டாலர் உருகி மற்ற மூவருக்கும் பிரிந்திருக்கிறது.

முதல்வர் தள்ளுகிறார், இரண்டாமவர் யோசிக்கிறார். பிளைண்டை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். கால் செய்து வென்றால் இருவரும் இடம் மாறுவார்கள்: இரண்டாமவருக்கு 5,000 சிப், 376 டாலர். தோற்றால் 287 டாலரும் போச்சு. 287 ÷ 376 = 76%. எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக 76% தாண்டும் கை எது? ஜாக் ஜோடி தாண்டும். பத்து ஜோடி 75 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. பிளைண்டைச் சேர்த்தால் தேவை சற்றுக் குறையும், ஆனாலும் அந்த ஆள் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஃபோல்டு செய்தாக வேண்டும்.

முதல்வர் பக்கம் பாருங்கள். வென்றால் அவருக்கு 7,500 சிப், 448 டாலர். தோற்றால் 2,500 சிப், 287 டாலர், அப்போதும் ஆட்டத்தில் இருக்கிறார். 89 டாலரைப் பணயம் வைத்து 71 டாலர். தேவைப்படும் வாய்ப்பு 56% மட்டும்.

ஒரே பாட், ஒரே சிப். ஒருவருக்கு 56, மற்றவருக்கு 76. முதல்வருக்கு இது தெரிந்திருந்தால் கிட்டத்தட்ட ஒவ்வொரு கையிலும் இரண்டாமவரின் பிளைண்டைத் தள்ளித் தள்ளி எடுப்பார். இரண்டாமவருக்கும் தெரிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவார். இரண்டாமவருக்குத் தெரியாவிட்டால்தான் முதல்வருக்குச் சிக்கல். 'என்னை மிரட்டுகிறாயா' என்று அவர் ஏஸ்-ஏழோடு கால் செய்தால் இருவருமே சேர்ந்து பணத்தை மற்ற இருவருக்கும் தூக்கிக் கொடுக்கிறார்கள். எதிராளி எப்படி யோசிப்பவர் என்று தெரியாமல் மிரட்டுவது வீண்.

அந்தக் கையில் இரண்டாமவர் தோற்றதாக வைத்தால், அவர் இழந்த 287 டாலரில் முதல்வருக்கு வருவது 71. மூன்றாமவருக்கு 63. 500 சிப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்த கடைசி ஆளுக்கு 153.

அப்போது 500 சிப் வைத்திருக்கும் ஆள் ஒன்றுமே செய்யாமல் காத்திருக்க வேண்டுமா?

ஆசைப்படலாம், ஆனால் பிளைண்ட் 100/200 என்றால் அவரிடம் இரண்டரை பிக் பிளைண்ட்தான். ஒரு சுற்று மேசையைச் சுற்றி வந்தாலே 300 போய்விடும்.

பபிளில் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது அவருக்குத்தான் என்பது பலர் கவனிக்காதது. மூன்றாமவரோடு மோதி இரட்டித்தால் அவரது 79 டாலர் 145 ஆகிறது. தேவை 54%தான், பிளைண்டில் கிடக்கும் சிப்பைச் சேர்த்தால் அதற்கும் கீழே. சமமான சண்டைக்கு அவர் தயாராக இருக்கலாம். பயப்பட வேண்டியவர்கள் நடுவில் உள்ள இருவர். இழக்க நிறைய இருக்கிறது, முதல்வரைத் தாக்குப்பிடிக்க முடியாது, தங்களைவிடச் சீக்கிரம் சாகப்போகும் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆக உங்கள் முடிவு உங்கள் சிப்பைப் பொறுத்தது மட்டுமல்ல, மேசையில் இருப்பதிலேயே சிறிய குவியலையும் பொறுத்தது. அது எவ்வளவு சிறியதோ, அந்த அளவுக்கு நடுவில் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கைக்கு முன்பும் மற்றவர்களின் சிப்பை ஒருமுறை பார்வையிடும் பழக்கம் இதற்காகத்தான். அடுத்த பிக் பிளைண்ட் யாருக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆயிரக்கணக்கானோர் ஆடும் பெரிய போட்டியில் இதே எண்கள் பொருந்துமா?

தத்துவம் பொருந்தும், எண்கள் பொருந்தாது. 2024 மெயின் ஈவென்ட்டை எடுங்கள். ஆளுக்கு 60,000 சிப், பரிசுத் தொகைக்கு ஆளுக்கு 9,300 டாலர். முகமதிப்பில் ஒரு சிப் பதினைந்தரை சென்ட். கடைசியில் மேசையிலுள்ள 60 கோடிக்கும் அதிகமான சிப்பையும் வாரிக்கொண்ட வெற்றியாளருக்குக் கிடைத்த ஒரு கோடி டாலர், சிப்புக்கு ஒன்றரை சென்ட்டுக்குச் சற்று மேல். முகமதிப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

மறுமுனையில், பபிளில் 60,000 சிப்போடு தவிக்கும் ஆளை நினையுங்கள். ஆரம்பத்தில் கொடுத்த அதே அளவு. முகமதிப்பு 9,300 டாலர். ஆனால் இன்னும் ஒருவர் வெளியேறிவிட்டால் அவருக்குக் குறைந்தபட்சம் 15,000 டாலர் உறுதி. 1,000 சிப் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதே 15,000.

சராசரிக் குவியல் வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. பரிசுத் தொகை ஒன்பது கோடியே நாற்பது லட்சம் டாலர். பபிளில் 1,518 பேர் என்றால் ஆளுக்குச் சராசரி 62,000 டாலர் அளவு. குறைந்தபட்சப் பரிசான 15,000 அதில் கால் பங்குகூட இல்லை. மேலே நாம் பார்த்த ஒரு மேசைப் போட்டியில் மூன்றாம் பரிசு 200, சராசரிப் பங்கு 250. அதனால்தான் அங்கே 65% தேவைப்பட்ட இடத்தில், பெரிய போட்டியின் சராசரி ஆளுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. பெரிய போட்டியில் உண்மையான அழுத்தம் இறுதி மேசையில் மீண்டும் வருகிறது, அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் லட்சக்கணக்கில் வித்தியாசம்.

சேட்டிலைட்டில் இரண்டு ஏஸையும் ஃபோல்டு செய்யலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சேட்டிலைட் என்பது பெரிய போட்டிக்கான டிக்கெட்டைப் பரிசாகத் தரும் சிறிய போட்டி. அதில் முதல் பரிசு, மூன்றாம் பரிசு என்ற பேச்சே இல்லை, எல்லாப் பரிசும் ஒரே டிக்கெட். தேவைக்கு மேல் சேரும் சிப்புக்கு மதிப்பே கிடையாது.

நால்வர் மிச்சம், மூன்று டிக்கெட், எல்லோரிடமும் சமம் என்றால் உங்கள் டிக்கெட் வாய்ப்பு ஏற்கெனவே 75%. ஆல்-இன்னை எதிர்கொள்ள 75% வேண்டும், இரண்டு ஏஸ் எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக 85% வெல்லும், கால் செய்யலாம். ஆனால் ஒருவரிடம் அடுத்த பிளைண்டுக்கே சிப் போதவில்லை, உங்களிடம் தாராளமாக இருக்கிறது என்றால் உங்கள் வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல். அதை 85க்கு மாற்றிக்கொள்வது எதற்கு? ஏஸைக் கீழே வையுங்கள். மேசையில் யாருக்கும் காட்டாமல் வைப்பது உத்தமம், இல்லாவிட்டால் அடுத்த அரை மணி நேரம் எல்லோரும் உங்கள் பிளைண்டையே குறிவைப்பார்கள்.

ஐசிஎம் சொல்வது அப்படியே வேதவாக்கா?

இல்லை. அதற்குச் சிப் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். அடுத்த கையில் பிளைண்ட் யார் மீது விழும் என்று தெரியாது. 500 சிப் ஆள் இப்போது டீலர் இடமான பட்டனில் இருந்தாலும் அடுத்த கையிலேயே பிக் பிளைண்ட் ஆகப்போகும் இடத்தில் இருந்தாலும் அது 79 டாலர் என்றே சொல்லும், நிஜத்தில் முதல் நிலைமை கூடுதல் மதிப்புள்ளது. யார் நன்றாக ஆடுபவர் என்றும் அதற்குத் தெரியாது. பெரிய குவியல் பபிளில் அடுத்தடுத்து பிளைண்டைத் திருடிச் சம்பாதிக்கப்போவதையும் அது கணக்கில் எடுப்பதில்லை, அதனால் பெரிய குவியலைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறது.

ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் தனிப் பரிசு தரும் பவுன்ட்டி போட்டியில் இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒருவரை வெளியேற்றினால் உடனே கையில் பணம் வருவதால் கால் செய்யத் தேவையான சதவீதம் இறங்கிவிடும். அந்தப் பணத்தை வென்றால் கிடைக்கும் தொகையோடு கூட்டிப் பிறகு வகுக்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து இணையத்தில் காசு கட்டி ஆடிப் பழகலாமா?

முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பழைய வாதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கணக்கைப் பழக மேலே உள்ள நிரலும் ஒரு சீட்டுக்கட்டும் போதும்.

பபிள் நேரத்தில் ஆட்டத்தை ஏன் ஒவ்வொரு கையாக நிறுத்தி நிறுத்தி ஆட வைக்கிறார்கள்?

இல்லாவிட்டால் எல்லோரும் நேரத்தை இழுத்தடிப்பார்கள். வேறு மேசையில் யாராவது வெளியேறட்டும் என்று ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு நிமிடம் யோசிப்பதுபோல் நடித்தால் அந்த மேசையில் குறைவான கைகளே நடக்கும், பிளைண்டால் சிப் மெதுவாகத்தான் தேயும். அதைத் தடுக்க எல்லா மேசைகளிலும் ஒரு கை, பிறகு எல்லோரும் நிறுத்தம், எல்லா மேசையும் முடிந்த பிறகு அடுத்த கை. இழுத்தடித்தும் பயனில்லை.

ஒரே கையில் இருவர் வெளியேறினால் என்ன என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் என்றால் கை தொடங்கும்போது அதிகச் சிப் வைத்திருந்தவருக்கு மேல் இடம். வெவ்வேறு மேசைகளில் என்றால் நேரடிப் போட்டிகளில் இருவரும் சமம், அந்த இரண்டு இடங்களுக்கான பணத்தைக் கூட்டிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

மூவர் மிச்சம் இருக்கும்போது பணத்தைப் பேசிப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எந்தக் கணக்குப்படி பிரிப்பது?

இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ஐசிஎம். மற்றது, எல்லோருக்கும் மூன்றாம் பரிசை முதலில் கொடுத்துவிட்டு மீதியைச் சிப் விகிதத்தில் பிரிப்பது. இரண்டாவது முறையைத்தான் பெரிய குவியல் வைத்திருப்பவர் எப்போதும் முன்மொழிவார். காரணம் இருக்கிறது.

7,500, 2,000, 500 சிப் என்று வையுங்கள். பரிசுகள் அதே 500, 300, 200. சிப் விகித முறையில் ஆளுக்கு 200 போக மீதி 400 டாலர் பிரியும்: 500, 280, 220. முதல்வருக்கு முதல் பரிசு முழுதாக வந்துவிட்டது, இன்னும் ஒரு கைகூட ஆடவில்லை. ஐசிஎம் முறையில் 448, 321, 231.

முதல்வரிடம் 9,000, மற்ற இருவரிடம் தலா 500 என்றால் சிப் விகித முறை அவருக்கு 560 டாலர் தரும். போட்டியையே வென்றாலும் 500தான் கிடைக்கும். இப்படி ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாமல், போட்டி நடத்துபவரிடம் ஐசிஎம் எண்களைக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அவர்களே கணக்கிட்டுத் தருவார்கள். பேச்சு ஒத்துவராவிட்டால் ஒருவர் மறுத்தாலே போதும், ஆட்டம் தொடரும்.